சாவி யாரிடம்?

உடுமலைப்பேட்டையிலிருந்து திருப்பூர் போகும் வழியில் ஏதாவது ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்குள் நுழைந்தால், கழிப்பறைப் பக்கமோ கேன்டீன் சுவரிலோ ஒரு சின்னப் பெட்டி பூட்டோடு தொங்கும். மேலே "ஆலோசனை / புகார்ப் பெட்டி" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது அங்கே இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் ஆடிட். துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டின் சார்பில் வருகிறவர் பெட்டி இருக்கிறதா, அதற்கு ரெஜிஸ்டர் இருக்கிறதா, எப்போது திறந்தார்கள் என்று பார்ப்பார். மூன்றுக்கும் டிக் விழுந்தால் போதும். உள்ளே சீட்டு இருக்கிறதா என்பது அடுத்த பட்சம்தான்.

என் பெரியம்மா ஒரு ஸ்பின்னிங் மில்லில் பதினெட்டு வருசம் ரிங் பிரேமில் சைடு ஓட்டியவர். அவர் மில்லிலும் இப்படி ஒரு பெட்டி உண்டு. ஒரு தடவைகூட அதில் எதுவும் போடவில்லையா என்று கேட்டேன். "எழுதிப் போட்டா யாரு எழுத்துன்னு கண்டுபுடிச்சிருவாங்க சாமி. பெட்டிய தொறக்கறதே அந்த மேனேஜர்தான். அவரப் பத்தி அவருகிட்டயே எழுதிக் குடுக்கறதுக்குப் பெட்டி எதுக்கு?" என்றார்.

நிர்வாகவியல் புத்தகங்களில் இதைப் பற்றி நிறைய அத்தியாயங்கள் உண்டு. அதிகமும் துவாரத்தின் பக்கம் நின்று யோசித்தவை. எப்படி ஆட்களை எழுதவைப்பது, என்ன பரிசு கொடுப்பது, படிவம் எப்படி இருக்கவேண்டும் என்று போகும். பெரியம்மா பூட்டின் பக்கம் நின்று பேசினார். வரலாற்றைப் புரட்டினால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஒரு பெட்டி உயிரோடு இருந்ததா செத்ததா என்பதைச் சாவி யாரிடம் இருந்தது என்பதே முடிவு செய்திருக்கிறது.

இதற்குப் பழைய, நன்றாகப் பதிவான உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 1721ல் டோக்குகாவா யோஷிமுனே என்ற ஷோகன், எதோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) நீதிமன்றத்தின் வாசலில் ஒரு பெட்டி வைத்தார். பெயர் மெயாசுபாக்கோ. மாதத்தில் மூன்று நாள் அது வெளியே வைக்கப்படும். பூட்டிய பெட்டி அப்படியே அரண்மனைக்குப் போகும், ஷோகனே திறப்பார். நடுவில் எந்த அதிகாரியும் படிக்க முடியாது. இன்றைய நம் எண்ணத்துக்கு நேர்மாறான ஒரு விதியும் இருந்தது. எழுதுகிறவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதியாக வேண்டும். மொட்டைக் கடுதாசி என்றால் எரித்துவிடுவார்கள்.

அப்படியும் ஜனங்கள் எழுதினார்கள். ஓகாவா ஷோசென் என்ற டவுன் வைத்தியர், பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஏழை நோயாளிகளுக்கு ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று எழுதிப் போட்டார். அடுத்த வருசம், 1722ல், கொய்ஷிகாவாவில் இருந்த அரசு மூலிகைத் தோட்டத்துக்குள்ளேயே இலவச ஆஸ்பத்திரி ஆரம்பமானது. யாமாஷிதா கோனாய் என்ற ரோனின் (எஜமானன் இல்லாத சாமுராய்) ஷோகனின் கொள்கைகளையே கடுமையாக விமர்சித்து எழுதினார். அவருக்குத் தண்டனை கிடைக்கவில்லை, வெகுமதி கிடைத்தது.

பெயர் போட்டு எழுதும் தைரியம் எங்கிருந்து வந்தது? எழுதுகிறவருக்குத் தினமும் தொல்லை கொடுக்கக்கூடிய ஆள் உள்ளூர் அதிகாரி. அவர் கையில் சாவி இல்லை. சீட்டைப் படிக்கிறவருக்கோ உடனே உத்தரவு போடும் அதிகாரம் இருந்தது. போட்ட சீட்டுக்கு ஒரு வருசத்தில் ஆஸ்பத்திரி கட்டடமே எழுந்தால், அடுத்த சீட்டை எழுத யாருக்கும் விளம்பரம் தேவையில்லை. ஆனால் எல்லாம் ஒரே ஒரு நல்ல ராஜாவின் மனசைப் பொறுத்தது. நம் மனுநீதிச் சோழன் கதையின் ஆராய்ச்சி மணிக்கும் இதே பலவீனம்தான். மணிச்சத்தம் கேட்டு எழுந்துவர வேண்டும் என்று ராஜாவை யார் கட்டாயப்படுத்துவது?

இந்தியா இந்தக் கட்டாயத்தைச் சட்டத்தில் எழுதப் பார்த்தது. 1947ன் தொழிற்தகராறு சட்டப்படி நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 'ஒர்க்ஸ் கமிட்டி' அமைக்க அரசு உத்தரவிடலாம் என்று இருந்தது. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளைவிடக் குறையக்கூடாது என்றும் இருந்தது. காகிதத்தில் பிரமாதம். ஆனால் 1960ல் நார்த் புரூக் ஜூட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கமிட்டியின் எல்லையைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அது பேசலாம், கருத்துச் சொல்லலாம். தொழிலாளர்களுக்காக ஒப்பந்தம் போட்டு அவர்களைக் கட்டுப்படுத்த முடியாது. 2010ல் ஒரு திருத்தம் வந்து, இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களில் குறைதீர் கமிட்டி வேண்டும், எழுதிக் கொடுத்த குறைக்கு 45 நாளில் முடிவு சொல்லவேண்டும் என்றது. 2013ன் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கும் உள் புகார்க் கமிட்டியைக் கட்டாயமாக்கியது. அதன் தலைவரையும் உறுப்பினர்களையும் நியமிப்பது முதலாளி. புகார் எழுத்தில் வேண்டும். கெடு வந்தது, படிவம் வந்தது, சாவி மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

அதற்கு என்ன விலை என்பது 2021 ஜனவரியில் தெரிந்தது. பழனி, ஒட்டன்சத்திரம் எல்லாம் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற தையல் ஆலை இருக்கிறது. திருப்பூரின் பெரிய ஏற்றுமதி நிறுவனங்களில் ஒன்றான ஈஸ்ட்மேனுக்குச் சொந்தமானது. அங்கே வேலை செய்த இருபது வயதைக் கடந்த ஒரு தலித் பெண் பிணமாகக் கிடைத்தார். அதே ஆலையின் சூபர்வைசர் கைதானார். அவர் பல மாதங்களாகத் தொந்தரவு கொடுத்துவந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அதற்குப் பிறகு மற்ற பெண்களும் பத்திரிகைகளிடம் தங்களுக்கு நடந்ததைப் பேசத் தொடங்கினார்கள். எச் அண்ட் எம் மாதிரி பிராண்டுகளுக்குத் தைத்துக்கொடுத்த ஆலை அது. ஆடிட் நடக்காத இடமில்லை. பேச்சு மட்டும் ஒரு சாவுக்கு அப்புறம்தான் வெளியே வந்தது.

அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்களே நடத்தும் சங்கம். அது ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் என்ற இரண்டு அமைப்புகளோடு சேர்ந்து ஒரு வருசத்துக்கும் மேல் போராடி, 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேனோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. எச் அண்ட் எம் தனியாகக் கையெழுத்திட்டது. பின்னால் கேப், பிவிஎச் ஆகியவையும் சேர்ந்தன. இதற்குத் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று பெயர்.

அதில் பெட்டிக்குப் பதிலாக ஆட்கள் வந்தார்கள். தையல் லைனில் வேலை செய்யும் பெண்களிலிருந்தே சங்கம் கண்காணிப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தது. ஒரு அக்காவுக்குப் பிரச்சினை என்றால் பக்கத்து மெஷின்காரியிடம் சொன்னால் போதும். எழுதத் தெரியவேண்டியதில்லை, கையெழுத்து மாட்டிக்கொள்ளும் பயமில்லை. அந்தக் கண்காணிப்பாளர் விஷயத்தை நிர்வாகத்திடம் எடுத்துப்போய், என்ன ஆச்சு என்று திரும்பி வந்து சொல்வார். பெட்டியால் செய்யவே முடியாத வேலை அந்தத் திரும்பி வந்து சொல்வதுதான்.

அங்கே தீராவிட்டால் ஆலைக்குச் சம்பந்தமில்லாத மதிப்பீட்டாளர்களிடம் போகலாம். அவர்கள் முடிவை ஆலை நிறைவேற்றவில்லை என்றால் பிராண்டுகள் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தாக வேண்டும். சட்டப்படி பிராண்டுகளையே கட்டுப்படுத்தும் ஷரத்து இது. புகார் சொன்னவரைப் பழிவாங்கினால் அதுவே தனிக் குற்றம். பூட்டைத் திறக்க இப்போது இரண்டாவது சாவி ஒன்று வந்துவிட்டது. அது முதலாளியிடம் இல்லை.

முதல் வருச அறிக்கையின் எண்களைப் பார்க்கலாம். மொத்தம் 185 குறைகள் வந்தன, 182 தீர்க்கப்பட்டன. பெரும்பாலானவை ஒரு வாரத்துக்குள். பாலியல் தொந்தரவு, பாலின வன்முறை சம்பந்தப்பட்டவை 23, எல்லாமே தீர்க்கப்பட்டன. எனக்கு இதில் முக்கியமான எண் எங்கேயும் தனியாக அச்சாகாத 162. மீதி இருக்கும் மற்ற குறைகள் அவை. முக்கியமானதை விட்டுவிட்டுச் சில்லறைப் புகார்களில் நேரம் போகிறதே என்று ஒரு மேனேஜர் எரிச்சல்படலாம். ஆனால் யாரும் எடுத்ததும் மிகக் கஷ்டமான விஷயத்தைக் கொண்டுவர மாட்டார்கள். முதலில் சின்னதாக ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார்கள். பதில் வந்ததா, சொன்னவளுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று லைன் முழுக்கக் கவனிக்கும். அந்த 162க்கும் பதில் வராமல் இருந்திருந்தால் 23ம் வந்திருக்காது.

நான் சாப்ட்வேரில் வேலை செய்கிறேன். எங்கள் உலகத்திலும் இதே தவறான வாசிப்பு நடக்கும். புதிய டிக்கெட் வரவில்லை என்றால் சிஸ்டம் நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக்கொள்வார்கள். பல சமயம் ஆட்கள் சலித்துப்போய் டிக்கெட் போடுவதை நிறுத்தியிருப்பார்கள். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையின் ரெஜிஸ்டரில் வருசத்துக்கு மூன்று சீட்டு இருந்தால் அது அமைதியின் அடையாளம் கிடையாது. மூன்றும் கேன்டீன் சாம்பாரைப் பற்றியே இருந்தால் இன்னும் மோசம். மூன்றுக்கும் 'தீர்க்கப்பட்டது' என்று ஆடிட்டுக்கு முந்தின வாரத்தில் தேதி விழுந்திருந்தால் மேற்கொண்டு விசாரிக்கவே வேண்டாம். குறைகள் திடீரென்று அதிகமாவதைப் பார்த்துப் பயப்படுகிற நிர்வாகம்தான் பெட்டியைக் கொல்கிறது.

திண்டுக்கல் ஒப்பந்தத்துக்கும் எல்லை உண்டு. அந்த இரண்டாவது சாவி பிராண்டுகளின் ஆர்டரில் இருந்து செய்யப்பட்டது. ஆர்டர் வேறு தேசத்துக்குப் போனால் அதன் பலமும் போய்விடும். உடுமலை வட்டாரத்தில் உள்ளூர்ச் சந்தைக்கு நூல் விற்கும் மில்லை நெருக்க எந்த ஸ்வீடன் கம்பெனியும் கிடையாது. அங்கே சங்கமும் லேபர் ஆபீசும்தான் அந்த இடத்தை நிரப்பியாக வேண்டும். சங்கமே இல்லாத ஷிப்டில், ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் ஒடிசாப் பெண்ணுக்கு, தமிழில் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

எச் அண்ட் எம் பெயரெல்லாம் பெரியம்மாவுக்குத் தெரியாது. இந்த ஒப்பந்தம் பற்றிச் சொன்னபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் புள்ளைக சொன்னதுக்கப்புறம் அவுங்களுக்கு வேல இருந்துச்சா?"

இருந்தது என்றேன்.

"அப்பச் சரி," என்றார்.