இரு படங்களில் ஒரு முகமா? அன்னா ஆண்டர்சன் வழக்கும் முக ஒப்பீட்டின் எல்லையும்

ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸின் இளைய மகள் அனஸ்தாசியா 1918 ஜூலையில், தம் 17ஆம் வயதில், குடும்பத்தாருடன் கொல்லப்பட்டார். 1920இல் பெர்லின் கால்வாய் ஒன்றிலிருந்து மீட்கப்பட்ட ஒரு பெண், பின்னாளில் அன்னா ஆண்டர்சன் என்ற பெயரில், தாமே அனஸ்தாசியா என்று உரிமை கோரினார். அவ்வழக்கு ஜெர்மன் நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது. 1950களின் இறுதியில் படங்களை ஒப்பிட்ட மானிடவியலாளர் ஓட்டோ ரெஷெ, இருவரும் ஒருவரே, இல்லையேல் ஒத்த இரட்டையர் என்றார். 1970களில் தடயவியல் வல்லுநர் மோரிட்ஸ் ஃபுர்ட்மையர் இருவரின் வலக்காதிலும் 17 உடற்கூற்றுப் புள்ளிகள் பொருந்துவதாக அறிவித்தார்.

1994இல் அப்பெண்ணின் அறுவைத் திசுவிலிருந்து எடுத்த மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. அரச குடும்பத்தின் தாய்வழியோடு பொருந்தவில்லை. ஃபிரான்சிஸ்கா ஷான்ஸ்கோவ்ஸ்கா என்ற தொழிலாளிப் பெண்ணின் உறவினருடையதோடு பொருந்தியது. பயிற்சி பெற்ற வல்லுநர்கள் இவ்வளவு உறுதியாகத் தவறியதற்குக் காரணம் அவர்களின் கவனக்குறைவு அன்று. ஒப்பீட்டு முறையிலேயே அக்காரணம் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கேமராவின் தொலைவைப் பார்ப்போம். மூக்கு நுனி, காதுகள் இருக்கும் தளத்துக்கு ஏறத்தாழ 12 செ.மீ. முன்னால் இருப்பதாகக் கொள்வோம். மூக்கிலிருந்து 50 செ.மீ. தொலைவில் கேமரா இருந்தால், காதுகள் 62 செ.மீ. தொலைவில் இருக்கும். அப்போது காதுகளோடு ஒப்பிடுகையில் மூக்கு 24 விழுக்காடு பெரிதாகப் பதியும். அதே முகத்தை 3 மீட்டரில் எடுத்தால் அம்மிகை 4 விழுக்காடுதான். ஆக, ஒரே நாளில் ஒரே மனிதரை எடுத்த இரு படங்களிலேயே மூக்ககலத்துக்கும் தலையகலத்துக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 19 விழுக்காடு மாறிவிடுகிறது. படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ இதைச் சரிசெய்ய முடியாது.

கோணமும் இப்படியே. தலை 30 பாகை பக்கவாட்டில் திரும்பினால் கண்களுக்கிடையிலான தூரம் 13 விழுக்காடு குறுகும். மூக்கின் நீளம் குறுகாது. இதைத் திருத்தத் தலையின் முப்பரிமாண வடிவம் தெரிய வேண்டும். பழைய படத்தில் இருப்பவரின் தலையை நாம் அளந்ததில்லை. எதிரில் இருப்பவரின் தலையை வைத்துத் திருத்தினாலோ, நிறுவ வேண்டியதையே எடுகோளாகக் கொண்டவர்களாவோம்.

ஒளி வேறு வகையில் குழப்புகிறது. தாடையின் விளிம்பு, கன்ன எலும்பின் மேடு, கண்குழியின் ஆழம் ஆகியவற்றைப் படத்தில் நிழலைக் கொண்டே அறிகிறோம். விளக்கை மேலிருந்து பக்கத்துக்கு மாற்றினால் நிழலின் கோடு நகரும். அளவுகோல் வைக்கும் புள்ளியும் அதோடு நகரும். வயதோ முகத்தையே மாற்றிவிடுகிறது. மூக்கும் காதும் நீள்கின்றன. பற்களை இழந்தால் முகத்தின் கீழ்ப்பகுதி குறுகுகிறது. ஆண்டர்சனும் பல பற்களை இழந்தவர். எனவே அவரது முதிய முகத்தில் தெரிந்த எந்த வேறுபாட்டையும் வயதின் மேல் ஏற்றிச் சொல்ல இடமிருந்தது.

சிக்கலின் மையம் இங்கேதான். ஒரே மனிதரின் இரு படங்கள் இவ்வளவு வேறுபடக்கூடும் என்றால், ஒப்பிடுபவர் அவ்வளவு வேறுபாட்டையும் பொறுத்துக்கொண்டாக வேண்டும். வாயிலை அவ்வளவு அகலமாகத் திறந்தால் பிறரும் நுழைந்துவிடுவர். வேறுபாடுகளுக்குக் கோணமும் வயதும் காரணம் என்று விலக்கிவிட்டு, ஒற்றுமைகளை மட்டும் சான்றாக எண்ணும் முறை, எந்த முடிவையும் மறுக்க விடாது.

காது நீண்டாலும் அதன் அமைப்பு மாறாதே, 17 புள்ளிகள் பொருந்துவது தற்செயலாகுமா என்று கேட்கலாம். அந்த எண்ணிக்கைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால் இரண்டு செய்திகள் தெரிய வேண்டும்: ஒவ்வொரு கூறும் மக்களிடையே எவ்வளவு அரிது, அக்கூறுகள் ஒன்றையொன்று சாராதவையா. அடுத்தடுத்த மடல் வளைவுகள் சேர்ந்தே அமையக்கூடியவை. அவற்றைத் தனித்தனிச் சான்றாக எண்ணினால் ஒரே ஒற்றுமையைப் பலமுறை எண்ணியதாகும்.

இதைவிட அழுத்தமான ஒன்று உண்டு. மீட்கப்பட்ட பின் அப்பெண் சேர்க்கப்பட்டிருந்த மருத்துவமனையில் உடனிருந்த நோயாளி ஒருவர் பத்திரிகைப் படத்தைப் பார்த்துத்தான் அவரை இளவரசி என்று முதலில் சொன்னார். அவர் சொன்னதும் அனஸ்தாசியா அல்ல, அக்காள் தத்தியானா. உயரம் பொருந்தவில்லை என்று மறுக்கப்பட்ட பிறகே பெயர் மாறியது. படத்தைப் போலிருக்கிறார் என்பதற்காகவே கவனிக்கப்பட்ட ஒருவர், பின்னர் படத்தோடு ஒத்துப்போவது புதிய சான்றாகாது. ஆயிரத்தில் ஒருவர் மட்டுமே தேறக்கூடிய கடுமையான ஒப்பீடு என்றாலும், பத்து லட்சம் பெண்களில் ஆயிரம் பேர் தேறுவர்.

முக ஒப்பீடு பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. தெளிவான படங்களில், ஒளியாலோ கோணத்தாலோ வயதாலோ விளக்க முடியாத வேறுபாடு ஒன்று இருந்தால், இருவரும் வேறானவர் என்று சொல்லலாம். எங்கே தேட வேண்டும் என்பதற்கும் அது வழிகாட்டும். ஆனால் ஒற்றுமையிலிருந்து ஒருமைக்குப் போகும் பாதை அதில் இல்லை. 1970இல் மேற்கு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அப்பெண்ணின் கோரிக்கை நிறுவப்படவும் இல்லை, மறுக்கப்படவும் இல்லை என்று முடித்தது. படங்களை வைத்து நேர்மையாகச் சொல்லக்கூடிய எல்லை அதுவே. அதற்கப்பால் செல்ல, முகத்தைச் சாராத சான்று ஒன்று வேண்டும்.