ரசீதில் ஞாயிறு, லண்டனில் புதன்: வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புமுன் எண்ண வேண்டிய நாள்கள்

பிள்ளைக்கு பிரிட்டனில் பல்கலைக்கழக இடம் கிடைத்துவிட்டது. முன்பணத்தை இன்ன தேதிக்குள் கட்டினால்தான் விசாவுக்கான கடிதம் வரும் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பெற்றோர் சேமிப்பைத் திரட்டி, தேதிக்கு இரண்டு நாள் முன்பே வங்கியில் பணத்தைச் செலுத்தி, ரசீதும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் பல்கலைக்கழகமோ, "பணம் தாமதமாக வந்தது" என்கிறது. வங்கியும் ஏமாற்றவில்லை, பல்கலைக்கழகமும் பொய் சொல்லவில்லை. இருவரும் வெவ்வேறு தேதிகளைப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான்.

நம் ஊரில் டிடி என்று சொல்லப்படும் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபரில் மூன்று தேதிகள் உண்டு. முதலாவது, நம் கணக்கிலிருந்து பணம் கழிக்கப்பட்ட தேதி. ரசீதில் பெரிதாகத் தெரிவது இதுதான். இரண்டாவது, வங்கியின் தலைமையகம் அந்த உத்தரவைக் கையில் எடுத்த தேதி. மூன்றாவது, `Value Date` எனப்படும் மதிப்புத் தேதி. அந்த நாளில்தான் பணம் ஒரு வங்கியிடமிருந்து அடுத்த வங்கியின் கைக்கு உண்மையாக மாறுகிறது. பெறுபவர் அதைத் தன் பணமாகப் பயன்படுத்துவது அந்த நாளிலிருந்துதான். பல்கலைக்கழகம் பார்ப்பதும் அதையே.

கட்ஆஃப் நேரம் என்பது எதற்கு?

ஒவ்வொரு வங்கியும் அந்நிய நாணய உத்தரவுகளை ஒரு நேரத்தோடு நிறுத்திக்கொள்ளும். அதுவே கட்ஆஃப். கிளையின் கதவு மூடும் நேரமும் இதுவும் ஒன்றல்ல. கிளை மாலை வரை திறந்திருக்கலாம், ஆனால் பவுண்டு வாங்கும் மேசை முன்னதாகவே கணக்கை முடித்திருக்கும். கட்ஆஃப் தாண்டி கொடுத்த பாரம் மறுநாள் பாரமாகவே கருதப்படும்.

நேரம் வங்கிக்கு வங்கி மாறும், நாணயத்துக்கு நாணயமும் மாறும். இதற்குக் காரணம் கடிகாரம். சிட்னி நம்மைவிட 2 மணி நேரம் முன்னால் இருக்கிறது, அங்கே கோடைக்காலத்தில் 3 மணி நேரம். நமக்குப் பிற்பகல் 3 மணி ஆகும்போது அங்கே வேலை நாள் முடிந்துவிட்டது. எனவே ஆஸ்திரேலிய டாலர் அதே நாளில் சேர வேண்டுமானால் காலையிலேயே அனுப்ப வேண்டும்.

லண்டன் நேர்மாறு. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நம்மைவிட 7 மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் 8 மணி நேரம் பின்னால். ஆகஸ்டில் கோலாலம்பூரில் மாலை 4 மணி என்றால் லண்டனில் காலை 9 மணி. நம் வங்கி கடையைக் கட்டும் நேரத்தில்தான் அவர்களுடைய நாள் தொடங்குகிறது. பிரிட்டனின் பெரிய தொகைகளுக்கான சாப்ஸ் முறையில் வாடிக்கையாளர் பணத்தை மாலை 5.40 வரை அனுப்பலாம். நமக்கு அது நள்ளிரவு தாண்டி 12.40.

இதைக் கேட்டு, "அப்படியானால் லண்டனுக்கு நேரம் தாராளமாக இருக்கிறதே" என்று நினைக்கத் தோன்றும். கடிகாரம் தாராளம்தான். காலண்டர்தான் இடிக்கிறது.

இரண்டு வேலை நாள் விதி

ரிங்கிட்டைக் கொடுத்து பவுண்டு வாங்குவது ஒரு நாணய வியாபாரம். வங்கிகளுக்கு இடையே அதன் வழக்கமான கணக்குத் தீர்ப்பு, வியாபாரம் நடந்த நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாள். இதை ஸ்போட் என்பார்கள். சில வங்கிகள் அதே நாள் அல்லது மறுநாள் மதிப்புத் தேதியும் கொடுக்கின்றன, அதற்கு மாற்று விகிதம் சற்று மாறலாம். ஆனால் கேட்காமல் விட்டால் ஸ்போட் ஆகிவிட வாய்ப்பு அதிகம்.

இங்கே "வேலை நாள்" என்பது இரண்டு இடத்திலும் வங்கி திறந்திருக்கும் நாள். கோலாலம்பூரில் திறந்து லண்டனில் மூடியிருந்தால் அந்த நாள் எண்ணப்படாது. லண்டனில் திறந்து கோலாலம்பூரில் மூடியிருந்தாலும் அப்படியே.

சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு கணக்கு

2025 ஆகஸ்ட் மாதத்தை எடுத்துக்கொள்வோம். பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நாள் செவ்வாய், ஆகஸ்ட் 26. தொகை 5,000 பவுண்டு. தாய் இருப்பது கெடா, சுங்கைப் பட்டாணியில். வங்கியின் கட்ஆஃப் பிற்பகல் 3 மணி, மதிப்புத் தேதி ஸ்போட் என்று வைத்துக்கொள்வோம்.

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை கிளை திறந்திருக்கும். எனவே தாய் ஆகஸ்ட் 24, ஞாயிறு காலை போகிறார். முகப்பிடத்தில் பாரத்தை வாங்கிக்கொள்கிறார்கள், கணக்கில் பணம் கழிகிறது, ரசீதில் 24 என்று அச்சாகிறது. கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகவே கட்டிவிட்டோம் என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறார்.

ஆனால் கோலாலம்பூரில் அது ஞாயிறு. அந்நிய நாணயச் சந்தை மூடியிருக்கிறது. தலைமையகம் உத்தரவை எடுப்பது திங்கள், ஆகஸ்ட் 25. அன்று லண்டனில் ஆகஸ்ட் மாதக் கடைசித் திங்கள், பொது விடுமுறை. திங்களில் நடந்த வியாபாரத்துக்கு முதல் வேலை நாள் செவ்வாய் 26, இரண்டாவது வேலை நாள் புதன் 27. மதிப்புத் தேதி ஆகஸ்ட் 27. ஒரு நாள் தாமதம்.

அப்படியானால் எப்போது போயிருக்க வேண்டும்? பின்னாலிருந்து எண்ணிப் பார்ப்போம்.

புதன், ஆகஸ்ட் 20, 3 மணிக்குள் கொடுத்திருந்தால் வியாழன் ஒன்று, வெள்ளி இரண்டு. மதிப்புத் தேதி 22. நிம்மதி.

வியாழன், ஆகஸ்ட் 21, 3 மணிக்குள் கொடுத்திருந்தால் வெள்ளி ஒன்று. சனி, ஞாயிறு, லண்டன் விடுமுறைத் திங்கள் மூன்றும் கழிந்து செவ்வாய் இரண்டு. மதிப்புத் தேதி 26. கடைசி நாளிலேயே சேரும், ஆனால் சிறு தடங்கல் வந்தாலும் போச்சு.

வியாழன் பிற்பகல் 3.15க்குக் கொடுத்திருந்தால்? அது வெள்ளிக்கிழமை உத்தரவு. செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு. மதிப்புத் தேதி 27.

கவனியுங்கள். வியாழன் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு தொடங்கி திங்கள் பிற்பகல் 3 மணி வரை எப்போது கொடுத்தாலும் மதிப்புத் தேதி ஒன்றேதான், புதன் 27. கெடாவில் வெள்ளி, சனி கிளை இல்லை என்பதால், தாய்க்கு உண்மையான கடைசி வாய்ப்பு வியாழன் 3 மணி. வெளியே பார்த்தால் ஐந்து நாள் இருந்தது போலத் தெரியும்.

கைப்பேசிச் செயலியில் வெள்ளி இரவு அனுப்பினாலும் இதே கதைதான். செயலி எந்நேரமும் உத்தரவை ஏற்கும், ஆனால் கோலாலம்பூர் மேசை திங்கள்தான் திறக்கும். கெடா போலவே வெள்ளி, சனி விடுமுறையுள்ள கிளந்தான், திரெங்கானுவிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஜொகூர் 2025 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டதால் அங்கே இது நீங்கிவிட்டது.

மூன்றாவது காலண்டர்

பவுண்டை பிரிட்டனுக்கு அனுப்பும்போது பார்க்க வேண்டியது இரண்டு நாட்டின் விடுமுறைகள். ஆனால் பெறும் நாட்டின் நாணயம் அல்லாத ஒன்றில் அனுப்பினால் மூன்றாவது நாடு உள்ளே வருகிறது. சென்னையில் உள்ள கணக்குக்கு அமெரிக்க டாலரில் அனுப்புகிறீர்கள் என்றால், அந்த டாலர் நியூயார்க்கில் உள்ள இடை வங்கி வழியாகத்தான் கைமாறும். ஜூலை 4 அன்று கோலாலம்பூரும் சென்னையும் திறந்திருந்தாலும் டாலர் நகராது. சென்னை நம்மைவிட இரண்டரை மணி நேரம்தான் பின்னால் என்று கணக்குப் போட்டவர்கள் குழம்புவது இங்கேதான்.

சிங்கப்பூருக்குச் சிறு தொகை அனுப்புவது வேறு வகை. 2023 நவம்பரில் தொடங்கிய டுயிட்நவ், பேநவ் இணைப்பில் பணம் உடனே சேரும். அதே வேகம் எல்லா நாட்டுக்கும் இருக்கும் என்று எதிர்பார்த்துவிடக் கூடாது.

முகப்பிடத்தில் கேட்க வேண்டியவை

"எப்போது போய்ச் சேரும்?" என்று கேட்டால் "இரண்டு மூன்று நாளில்" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: "இதன் வேல்யூ டேட் என்ன? எழுதிக் கொடுங்கள்." தேதி ஒத்துவரவில்லை என்றால், அதே நாள் அல்லது மறுநாள் மதிப்புத் தேதி கிடைக்குமா என்று அங்கேயே கேட்கலாம். பணம் கழிந்த பிறகு அதை முன்னால் நகர்த்துவது கடினம்.

கட்டணப் பகுதியில் `OUR` என்பதைத் தேர்ந்தெடுத்தால் இடை வங்கிக் கட்டணத்தையும் நாமே ஏற்கிறோம். `SHA` என்றால் அந்தக் கட்டணம் வழியிலேயே கழிக்கப்படலாம். 5,000 பவுண்டு அனுப்பி அதைவிடக் குறைவாகப் போய்ச் சேர்ந்தால், தேதி சரியாக இருந்தும் முன்பணம் முழுதாகக் கட்டப்படவில்லை என்றே பதிவாகும்.

அனுப்பிய பின் வங்கியிடம் அனுப்பீட்டுச் செய்தியின் நகலைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்விஃப்ட் வடிவில் அதில் இப்படி ஒரு வரி இருக்கும்:

```
:32A:250827GBP5000,00
```

முதல் ஆறு எண்கள் ஆண்டு, மாதம், நாள்: 2025 ஆகஸ்ட் 27. அதுவே மதிப்புத் தேதி. அடுத்து நாணயம், பிறகு தொகை. புதிய வடிவில் இதே தேதி `IntrBkSttlmDt` என்ற பெயரில் வரும். கூடவே `UETR` என்ற 36 எழுத்து எண்ணும் இருக்கும். பணம் வழியில் எந்த வங்கியில் நிற்கிறது என்பதை அந்த எண்ணை வைத்துத் தேடலாம்.

மதிப்புத் தேதி இன்னும் வரவில்லை என்றால் பணம் தொலைந்துவிடவில்லை, காத்திருக்கிறது. மதிப்புத் தேதி கடந்து லண்டனில் ஒரு முழு வேலை நாளும் போன பிறகும் சேரவில்லை என்றால்தான் கோளாறு. பெரும்பாலும் கணக்கு எண் பிழை, பெயர் ஒத்துப்போகாதது, மாணவர் எண் விடுபட்டது ஆகியவையாக இருக்கும். அப்போது `UETR` எண்ணோடு அனுப்பிய வங்கிக்கே போக வேண்டும்.

தாமதமாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நகலைப் பல்கலைக்கழகத்தின் கட்டணப் பிரிவுக்குக் கடைசி நாளுக்கு முன்பே அனுப்பி வையுங்கள். தேதி முடிந்த பிறகு காட்டும் ரசீதைவிட, தேதிக்கு முன் காட்டும் மதிப்புத் தேதிக்கு அவர்கள் காது கொடுக்க வாய்ப்பு அதிகம். அடுத்த தவணைக்கு, மின்னஞ்சலில் உள்ள கடைசி நாளை அப்படியே காலண்டரில் வட்டமிட வேண்டாம். அதிலிருந்து இரு நாட்டு விடுமுறைகளையும் இரண்டு வேலை நாளையும் கழித்து, ஒரு நாள் முன்னதாக வட்டமிடுங்கள். வங்கிக்குப் போக வேண்டிய நாள் அதுதான், அதுவும் காலையில்.