அப்பாவுக்கு வந்த வாடகை நோட்டீஸ்

போன மாதம் பரணை ஒழித்தபோது அப்பாவின் தகரப் பெட்டி இறங்கியது. வாடகை ரசீதுகள் ஒரு கட்டு, திரும்பி வந்த மணியார்டர் சீட்டுகள் மூன்று, நான்காக மடித்த ஒரு வக்கீல் நோட்டீஸ். நோட்டீஸின் தேதி 1974 ஜூன் 10. பார்த்ததும் அந்த வருடம் முழுக்க ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அப்போது நாங்கள் கும்பகோணத்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். மாதம் 60 ரூபாய் வாடகை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். பின்னாளில் நான் நீதிமன்ற ஊழியனாகி, வாடகை வழக்குக் கட்டுகளையே வருடக்கணக்கில் தூக்கிச் சுமந்தேன். அன்றைக்குப் புரியாமல் போன பல சங்கதிகள் அதற்குப் பிறகுதான் புரிந்தன. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டுக்காரர் பெயர் வேண்டாம். அவர் பேரன்கள் ஊரில் இருக்கிறார்கள்.

நோட்டீஸின் சாரம் இதுதான். தாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மாதம் ரூ.60 வாடகை கொடுத்து வருகிறீர்கள். விலைவாசி ஏறிவிட்டபடியால் 1.8.1974 முதல் மாதம் ரூ.110 வீதம், அந்தந்த மாத வாடகையை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டியது. சம்மதமில்லையேல் இதையே காலி செய்வதற்கான அறிவிப்பாகப் பாவித்து 31.7.1974-ல் வீட்டை ஒப்படைக்க வேண்டியது.

அந்தக் காலத்து நோட்டீஸ்கள் எல்லாவற்றிலும் இந்த இரட்டை வாசகம் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. வாடகை என்பது இரண்டு பேர் பேசி ஒத்துக்கொண்ட தொகை. ஒருவர் மட்டும் காகிதத்தில் எழுதி அனுப்பினால் அது உயர்ந்துவிடாது. ஆகவே வக்கீல், "ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் குடித்தனம் முடிந்தது" என்று இரண்டையும் சேர்த்துவிடுவார். சொத்து மாற்றுச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்கப் பதினைந்து நாள் அவகாசம் கேட்டது. அந்த அவகாசம் குடித்தன மாதத்தின் கடைசி நாளோடு முடியவும் வேண்டும். அதனால்தான் ஜூலை 31 என்ற தேதி. இதில் கோட்டை விட்டவர்கள் நிறைய. தை முதல் தேதி குடிவந்தவருக்கு வாடகை மாதம் தமிழ் மாதம். அவருக்கு இங்கிலீஷ் மாதக் கடைசி போட்டு நோட்டீஸ் அனுப்பினால், எதிர் வக்கீல் முதலில் பிடிப்பது அந்தத் தேதியைத்தான்.

ஆனால் நகராட்சிப் பகுதிகளில் 1960-ஆம் வருடத்துக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. யுத்த காலத்தில் வீட்டுக்குப் பஞ்சம் வந்தபோது பிறந்த உத்தரவுகளின் வாரிசு அது. நோட்டீஸ் கொடுத்துவிட்டதாலேயே யாரையும் வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்த உபயோகம் என்று சட்டம் சொன்ன காரணங்களில் ஒன்றைக் காட்டியாக வேண்டும். அப்படிக் காரணம் காட்டி வழக்குப் போடுகிறவருக்கு 106 நோட்டீஸே தேவையில்லை என்று 1979-ல் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கு, தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள். அதற்குப் பிறகு பல நோட்டீஸ்களில் அந்த இரண்டாவது வாசகத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. வக்கீல்கள் பழக்கத்தில் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். அப்பா பதில் எழுதவில்லை. ஆகஸ்ட் வாடகை என்று செப்டம்பர் முதல் வாரத்தில் பழையபடி 60 ரூபாயை எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் வாங்கவில்லை. மணியார்டர் செய்தார். திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு மாமா, "வாங்காதவன் தலையெழுத்து சார், பணத்தை வீட்டிலேயே வையுங்கோ, கேட்டால் கொடுத்துக்கலாம்" என்றார். அப்பாவும் பீரோவில் வைத்துவிட்டார். உண்மையில் ஆபத்து அங்கேதான் இருந்தது. வாடகை நியாயமா அநியாயமா என்பது வேறு விஷயம். வாடகை பாக்கி என்று ஒரு புள்ளி விழுந்துவிட்டால், வீட்டுக்காரருக்கு இல்லாத காரணம் கையில் கிடைத்துவிடும்.

காப்பாற்றியவர் ஒரு வக்கீல் குமாஸ்தா. அப்பாவிடம் படித்த பையனின் தகப்பனார். எட்டாவது பிரிவின்படி என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். முதலில், எந்த பாங்க்கில் வாடகையைக் கட்டட்டும் என்று வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் கேட்க வேண்டும். பத்து நாளுக்குள் அவர் பாங்க் பெயர் சொல்லாவிட்டால் மணியார்டர் அனுப்ப வேண்டும், கமிஷனைக் கழித்துக்கொண்டே அனுப்பலாம். அதையும் அவர் வாங்காவிட்டால் ரெண்ட் கண்ட்ரோலரிடம் மனுப் போட்டு அங்கே கட்ட வேண்டும். அப்பா முதலில் அனுப்பிய மணியார்டர் இந்த வரிசையில் வராது, கடிதம் போகாமல் போனது அது. "சார், கோர்ட்டுக்கு உங்க நல்ல மனசு தெரியாது, அஞ்சலட்டைதான் தெரியும்" என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அன்று மாலையே ரிஜிஸ்தர் தபால் போயிற்று. பெட்டியில் இருந்த மற்ற இரண்டு மணியார்டர் சீட்டுகள் அதற்குப் பிந்தியவை.

வீட்டுக்காரரும் சும்மா இல்லை. 1974 அக்டோபர் முதல் தேதி, நியாய வாடகை நிர்ணயம் செய்யக் கோரி மனுத் தாக்கல் செய்தார். அவருக்கு அந்த உரிமை உண்டு. ஒத்துக்கொண்ட வாடகை எவ்வளவாக இருந்தாலும், குடித்தன ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே இருவரில் யார் வேண்டுமானாலும் நியாய வாடகை கேட்கலாம் என்று ராவல் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

இனி அந்த 110 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். வீட்டுக்காரர் வாய்க்கு வந்த தொகையைச் சொன்னதாகத்தான் அப்பா கடைசி வரை நினைத்தார். அப்படியில்லை. 1973 திருத்தத்தின்படி குடியிருப்பு வீட்டுக்கு வருட வாடகை, அதன் மொத்த மதிப்பில் நூற்றுக்கு ஒன்பது. கடைக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு. எங்கள் மனை 1,800 சதுர அடி. கட்டடம் 600, மற்றதெல்லாம் தென்னையும் கிணற்றடியும். சதுர அடி 5 ரூபாய் என்று மனைக்கு 9,000 போட்டார். கட்டடம் அடிக்கு 15 ரூபாய் வீதம் 9,000, அதில் பழைய கட்டடத்துக்கான தேய்மானம் 3,500 போக 5,500. மின்சார ஒயரிங்குக்குச் சொச்சம் சேர்த்தால் பதினாலாயிரத்து அறுநூற்றுச் சில்லறை. அதில் ஒன்பது சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 110 வருகிறது. வக்கீல் கணக்குப் போட்டுத்தான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார்.

பிசகு மனையில் இருந்தது. சட்டம் முழு மனையையும் கணக்கில் சேர்க்க விடவில்லை. கட்டடம் நிற்கும் இடம், அதோடு காலி இடத்தில் அதன் பாதி அளவு வரை, அவ்வளவுதான் மனை. 600-ம் 300-ம் சேர்ந்து 900 சதுர அடி, 4,500 ரூபாய். கட்டடம் 5,500. ஆக 10,000. மிச்சக் காலி இடம் வசதி என்ற தலைப்பில் போகும். வசதிகள் எல்லாம் சேர்ந்து, குடியிருப்பு வீட்டுக்கு, இந்தத் தொகையில் நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டக்கூடாது. தோட்டத்தின் விலையே 4,500 ஆனாலும் கணக்கில் ஏறியது 1,500தான். மொத்தம் 11,500. வருடத்துக்கு 1,035. மாதத்துக்கு 86 ரூபாய் 25 காசு.

1976 மார்ச்சில் உத்தரவு வந்தது. நாங்கள் ஜெயித்தோமா தோற்றோமா என்று அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. 110 இல்லை என்று அம்மா குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள். அப்பா முகம் மட்டும் சரியில்லை. நியாய வாடகை உத்தரவு தேதியிலிருந்து அல்ல, மனுத் தேதியிலிருந்து அமலுக்கு வரும். நோட்டீஸில் போட்ட ஆகஸ்ட் முதல் தேதிக்கு மதிப்பில்லை, ஆனால் அக்டோபர் முதல் தேதிக்கு உண்டு. பதினெட்டு மாதம், மாதத்துக்கு 26 ரூபாய் 25 காசு வித்தியாசம். 472 ரூபாய் 50 காசு பாக்கி.

அப்பா நேரே வீட்டுக்காரர் வீட்டுத் திண்ணைக்குப் போனார். இரண்டு வருடமாக ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை. நான் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே என்ன பேசினார்களோ, காப்பி வந்தது. ஆறு தவணை என்று முடிவாயிற்று. தவணை 78.75, வாடகை 86.25, ஆக மாதம் 165 ரூபாய். அப்பா சாயங்காலம் டியூஷன் எடுக்க ஆரம்பித்தது அந்த ஏப்ரலில்தான். ஆறு தவணைக்கும் ரசீது இருக்கிறது, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, வீட்டுக்காரரின் முத்து முத்தான கையெழுத்தோடு.

அவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். நியாய வாடகை ஒரு தடவை நிர்ணயமாகிவிட்டால், வீட்டில் புதிதாகச் சேர்ப்போ சீர்திருத்தமோ செய்தாலொழிய மேற்கொண்டு ஏற்ற முடியாது என்றது ஐந்தாவது பிரிவு. வரி ஏறினால் அந்த அளவுக்குக் கேட்கலாம். 1983-ல் நாங்கள் காலி செய்யும்போதும் அதே 86.25தான். அதற்குள் ஓடு மாற்றுகிற கூலி எங்கேயோ போய்விட்டது. கூடத்தில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்து மழைத்தண்ணீர் பிடித்தோம். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாடகை 400 ரூபாய்க்கு மேற்பட்ட குடியிருப்புகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று வேறு ஒரு விதி இருந்தது. 1986-ல் உச்ச நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. பெரிய வீட்டுக்காரர்களும் அன்றிலிருந்து இதே வலையில்.

2019 பிப்ரவரி 22 முதல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்து, பழையது போய்விட்டது. ஒன்பது சதவீதம், தேய்மானம், தென்னந்தோப்பு எல்லாம் இப்போது கிடையாது. எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், வாடகை உயர்வு அந்த ஒப்பந்தத்தில் எழுதியபடி.

நானும் இப்போது வீட்டுக்காரன்தான். மாடியில் ஒரு பாங்க் ஊழியர் குடும்பம். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஐந்து சதவீதம் என்று எழுதியிருக்கிறோம். போன வாரம் என் கைப்பட ஒரு கடிதம் எழுதினேன். மாடி வீடு, இப்போதைய வாடகை ரூ.9,000, ஒப்பந்தப்படி உயர்வு ரூ.450, புது வாடகை ரூ.9,450, எந்த மாத வாடகை முதல், எந்தத் தேதிக்குள், மின்கட்டணம் இதில் சேராது. அட்வான்ஸில் மாற்றமில்லை என்றும் ஒரு வரி, அதை எழுதாவிட்டால் கேட்பார்களோ என்று அவர்கள் நாலு நாள் தூங்க மாட்டார்கள். தபாலில் போடவில்லை, மாடிப்படி ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் நின்றபடியே படித்துவிட்டு, "சரிங்க அங்கிள், பாத்ரூம் குழாய் ஒழுகுதுன்னு போன மாசமே சொன்னேனே" என்றாள்.

பிளம்பர் நாளைக் காலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.