பக்கம் மாறிய பதிவுகளும் அனாமத்துக் கணக்கும்

1. இருவகைப் பிழை

பற்றும் வரவும் இடம் மாறுவதில் இரு வகை உண்டு. குறிப்பேட்டில் சரியாக எழுதப்பட்ட பதிவு, பேரேட்டுக்கு எடுத்தெழுதும்போது ஒரு கணக்கில் மட்டும் எதிர்ப்பக்கம் விழுவது முதல் வகை. இதனால் இருப்பாய்வில் தொகையைப்போல் இரு மடங்கு வேறுபாடு தோன்றும். குறிப்பேட்டிலேயே இரு கணக்குகளும் இடம் மாறிவிடுவது இரண்டாம் வகை. அப்போது இருப்பாய்வு கூட்டொத்தே நிற்கும்.

2. ஆய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு

ஒரு கடையின் ஒரு மாதப் பதிவுகளைக் கொள்வோம். இருப்பாய்வில் பற்றுப் பக்கம் ரூ.9,000 மிகுந்தது. கணக்கர் அத்தொகையை அனாமத்துக் கணக்கில் வரவு வைத்தார்.

2.1 தேடல்

வேறுபாட்டைப் பாதியாக்கி, அந்தத் தொகையுள்ள பதிவைத் தேடுவது வழக்கம். இங்கே பாதி ரூ.4,500. அப்படி ஒரு பதிவும் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பிழைகள் கலந்திருந்தால் இந்த முறை பலிக்காது. அப்போது பேரேட்டின் ஒவ்வொரு கணக்கிலும் இயல்புக்கு மாறான பக்கத்தில் தனித்து நிற்கும் பதிவைப் பார்க்க வேண்டும். பெற்ற தள்ளுபடிக் கணக்கில் எல்லாப் பதிவுகளும் வரவில் இருக்க, ரூ.5,200 மட்டும் பற்றில் இருந்தது. அஞ்சல் செலவுக் கணக்கில் ரூ.700 வரவில் இருந்தது. இரண்டையும் சான்றுச்சீட்டுடன் ஒப்பிட்டபோது பிழை உறுதியாயிற்று. 5,200இல் 700 போக 4,500. பாதித்தொகை பிறந்த இடம் இதுதான்.

2.2 திருத்தம்

தவறான பக்கத்தை நீக்க ஒரு மடங்கும், சரியான பக்கத்தில் சேர்க்க ஒரு மடங்கும் தேவை. ஆகவே அனாமத்துக் கணக்கில் ரூ.10,400 பற்று வைத்து, பெற்ற தள்ளுபடியில் வரவு வைக்க வேண்டும். அஞ்சல் செலவில் ரூ.1,400 பற்று வைத்து, அனாமத்தில் வரவு வைக்க வேண்டும். அனாமத்தின் வரவுப் பக்கம் 9,000உம் 1,400உம் சேர்ந்து 10,400 ஆகிறது. பற்றுப் பக்கமும் 10,400. கணக்கு நேராயிற்று.

3. அனாமத்து காட்டாத பிழை

அதே மாதத்தில் வாடிக்கையாளர் ஒருவர் வங்கியில் செலுத்திய ரூ.12,000, அவர் கணக்கில் பற்றாகவும் வங்கிக் கணக்கில் வரவாகவும் பதிவாகியிருந்தது. இதைக் காட்டிக்கொடுத்தது வங்கிச் சரிகட்டும் பட்டியல். வங்கி அறிக்கையைவிட ஏட்டின் இருப்பு ரூ.24,000 குறைந்திருந்தது. வங்கிக் கணக்கில் ரூ.24,000 பற்றும் வாடிக்கையாளர் கணக்கில் ரூ.24,000 வரவும் வைத்துத் திருத்த வேண்டும். இதில் அனாமத்துக்கு இடமில்லை. இரு பக்கமும் ஒத்தால்தான் பதிவை ஏற்கும் கணினி மென்பொருளில் முதல் வகைப் பிழை எழாது. இந்த இரண்டாம் வகை தாராளமாக நுழையும்.

4. முடிவு

அனாமத்து இருப்பு அற்றுப்போவது இரு பக்கமும் ஒத்துவிட்டதற்கு மட்டுமே சான்று. வங்கி அறிக்கையோடும் வாடிக்கையாளரின் இருப்பு உறுதிக் கடிதத்தோடும் ஒப்பிட்ட பிறகே அந்த மாதக் கணக்கை முடிக்க வேண்டும்.