மாமன் யார்?

ஆங்கில வழியில் உறவுமுறை படிக்கும் மானிடவியல் மாணவர் 'மாமன்' என்ற சொல்லுக்கு எதிரே 'தாயின் சகோதரர்' என்று எழுதிக்கொள்கிறார். பொருள் தவறில்லை. ஆனால் அத்தையின் கணவரும் மாமன்தான், பெண் கொடுத்தவரும் மாமன்தான். மூவருக்கும் ஒரே சொல் ஏன் என்ற கேள்வியை இந்த மொழிபெயர்ப்பு மறைத்துவிடுகிறது. இத்துறையின் பெரிய சண்டை ஒன்று அந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.

நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மார்கன், செனகா பழங்குடியினர் பெரியப்பா, சித்தப்பாவையும் 'அப்பா' என்றே அழைப்பதைக் கண்டு வியந்தவர். 1859இல் ஆற்காட்டில் பணிபுரிந்த மிஷனரி ஹென்றி ஸ்கடர் வழியாகத் தமிழ் உறவுச்சொற்கள் அவர் கைக்கு வந்தன. அவற்றிலும் அப்பா, பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் ஒரு பக்கம், மாமன் மறுபக்கம். அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று 1871இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார்.

அந்த ஒற்றுமையில் ஓர் ஓட்டை இருந்தது. ஓர் ஆணுக்குத் தாய்மாமன் மகன் மச்சான். அந்த மச்சானின் பையன் தமிழில் அவருக்கு மருமகன், செனகாவிலோ மகன். தமிழில் மச்சான் என்றால் தன் தங்கையைக் கட்டும் முறையுள்ளவன், தங்கை பிள்ளை மருமகன்தானே! தமிழ்ச் சொற்களுக்குள் திருமணம் ஒளிந்திருக்கிறது, செனகாச் சொற்களுக்குள் அது இல்லை. மார்கன் இந்த வேறுபாட்டைக் கண்டார், ஆனால் சிறிய விஷயம் என்று ஒதுக்கினார். பிற்காலத்தார் 'திராவிட முறை', 'இரொகுவா முறை' என்று இரண்டையும் பிரித்தது இதை வைத்துத்தான்.

தங்கை மகன், மகளின் கணவன் என்ற இரு பொருளும் ஒரே சொல்லில் நிற்பது தமிழுக்குப் புதிதல்ல. முருகனைத் 'திருமால் மருகன்' என்பார்கள். பார்வதி திருமாலின் தங்கை என்பதால் அவன் தங்கை மகன். வள்ளியும் தெய்வயானையும் திருமாலின் புதல்வியர் என்னும் புராண வழக்கின்படி அவனே மருமகனும் ஆகிறான்.

பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949-50இல் மதுரைப் பக்கம் பிறமலைக் கள்ளரிடையே தங்கினார். அங்கே உறவு என்பது இரண்டு கூறு: பங்காளி, மாமன் மச்சான். பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது, மாமன் மச்சான் வீட்டில் எடுக்கலாம். மாமன் என்பவர் முதலில் அப்பாவின் மச்சான், அம்மாவின் அண்ணன் தம்பி என்பது அதற்கு அடுத்ததுதான் என்று 1953இல் துய்மோன் எழுதினார். அப்பா செய்த சம்பந்தத்தை மகன் சொத்தைப்போல் பெறுகிறான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், சாவு என்று மாமன் வீட்டுச் சீர் வரும் வரிசை, ஒரு கல்யாணத்தில் தொடங்கிய கொடுக்கல் அடுத்த தலைமுறையிலும் ஓடுவதாக அவருக்குப் பட்டது. அவர் வாதத்தின் வலு இந்தச் சீர்வரிசையில்தான் இருக்கிறது; வெறும் சொற்பட்டியல் இவ்வளவைக் காட்டியிருக்காது.

அதே ஆண்டு மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் இதை மறுத்தார். தாயிடம் உள்ள பாசமே அவள் சகோதரனுக்கும் நீள்கிறது என்று தென்னாப்பிரிக்காவை வைத்து 1924இலேயே எழுதியவர் அவர். தாய்மாமன் பிறப்பால் வந்த உறவு, சம்பந்தி அல்ல என்பது அவர் நிலை.

துய்மோன் வாதத்தில் இதைவிட ஆழமான குறை களத்திலிருந்து தெரியவந்தது. திருநெல்வேலிச் சீமையில் கொண்டையன்கோட்டை மறவர் முதலிய சாதிகளிடையே ஆய்வு செய்த ஆன்டனி குட், அக்காள் மகளைக் கட்டும் வழக்கத்தைக் கவனித்தார். துய்மோனின் சட்டகத்தில் தலைமுறைகள் படிப்படியாக அடுக்கியிருக்கும். அக்காள் மகளோ ஒரு படி கீழே நிற்கிறவள். பெண்ணுக்கு மாமாவே புருஷன், மாப்பிள்ளைக்கு அக்காவே மாமியார். தங்கை மகளைக் கட்டுவது மட்டும் கூடாது. சொல் அனுமதிப்பது, ஊர் விரும்புவது, உண்மையில் நடப்பது மூன்றும் வெவ்வேறு, ஒன்றை வைத்து மற்றதைச் சொல்லக்கூடாது என்று 1981இல் குட் வாதிட்டார்.

துய்மோனைப் படிக்கிறவர் இந்த எச்சரிக்கையையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும். சொல் விதிக்கிறது, ஆகவே மக்கள் அப்படியே கட்டுகிறார்கள் என்று பல சுருக்கங்கள் தாவிவிடுகின்றன. எந்த உறவும் இல்லாத குடும்பத்தில் பெண் எடுத்தாலும் தாலி கட்டிய அன்றே மாமனார் 'மாமா' ஆகிறார், பெண்ணின் தம்பி 'மச்சான்' ஆகிறான். அந்தத் தம்பி மடியில்தான் சில ஆண்டுகள் கழித்து, காதுகுத்து அன்று, குழந்தை உட்காருகிறது.