சுவர் யாரோடு கதைக்கிறது? டெரி நகரின் மூன்று சுவர்கள்

2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளைஞர்கள் மதில்களுக்குச் சித்திரம் தீட்டினார்கள். மன்னர்களும் படைவீரர்களும் இயற்கைக் காட்சிகளும் சந்திக்குச் சந்தி தோன்றின. அந்நாட்களில் வகுப்பில் ஒரு மாணவி, "சேர், இதெல்லாம் ஆருக்குக் கீறுறாங்க?" என்று கேட்டாள். அழகா இல்லையா என்றுதான் நாங்கள் பெரியவர்கள் கதைத்துக் கொண்டிருந்தோம். பிள்ளை கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடு வட அயர்லாந்தின் டெரி நகரச் சுவர்களை நான் படங்களில் தேடிப் படித்தேன்.

அந்நகருக்கே இரண்டு பெயர். கத்தோலிக்கர் 'டெரி' என்பார்கள், புரட்டஸ்தாந்தினரில் பலர் 'லண்டன்டெரி' என்பார்கள். பெயரைச் சொன்னாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். கத்தோலிக்கர் அங்கே பெரும்பான்மையாக இருந்தும் வீட்டு ஒதுக்கீட்டிலும் உள்ளூராட்சி வாக்குரிமையிலும் பின்தள்ளப்பட்டிருந்தார்கள். 1969 ஜனவரி 4 ஆம் திகதி சிவில் உரிமைப் பேரணியொன்று பேர்ன்டோலட் பாலத்தருகே தாக்கப்பட்டது. அன்றிரவு பொலிஸார் கத்தோலிக்கர் வாழும் பொக்சைட் பகுதிக்குள் புகுந்து வீடுகளையும் ஆட்களையும் தாக்கினார்கள். அதையடுத்து மக்கள் தெருக்களில் தடுப்பு போட்டார்கள். ஒரு வீட்டின் பக்கச் சுவரில், 'நீங்கள் இப்போது சுதந்திர டெரிக்குள் நுழைகிறீர்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வசனம் எழுதப்பட்டது.

தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு முதலில் பட்டது அதன் இலக்கணம். ஏவல் இல்லை, எதிர்மறை இல்லை, வசையும் இல்லை. ஊர் எல்லையில் வீதி அதிகாரசபை நடும் பலகை பேசுகிற மாதிரியான சாதாரண செய்தி வாக்கியம். ஆனால் எல்லைப் பலகை நடுவது அரசின் வேலை. அதை ஊர்ச்சனம் செய்தபோது, இங்கே அதிகாரம் யாருடையது என்ற அறிவிப்பாக அது மாறிவிட்டது. 'நீங்கள்' என்ற முன்னிலைச் சொல் ஊர்வாசியைக் குறிக்காது. அவன் ஏற்கெனவே உள்ளேதானே இருக்கிறான். வெளியிலிருந்து வருபவரைத்தான், முதன்மையாகப் பொலிஸாரைத்தான் அது விளிக்கிறது. அவ்வாண்டு ஓகஸ்டில் பிரித்தானிய உள்துறை அமைச்சர் ஜேம்ஸ் கலகன் வந்தபோது சுவரை வெள்ளையடித்து, கறுப்பு எழுத்தில் வசனத்தைத் திருத்தமாக எழுதினார்கள். வாசகர் யார் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பின்னர் அந்த வீடு இடிக்கப்பட்டது. சுவர் மட்டும் வீடில்லாமல் தனியே நிற்கிறது.

இரண்டாவது சுவர் அந்நகரிலேயே புரட்டஸ்தாந்தினர் வாழும் ஃபவுண்டன் குடியிருப்பில் இருக்கிறது. மேற்குக் கரை விசுவாசிகள் இன்னும் முற்றுகைக்குள்தான் இருக்கிறார்கள், சரணடைய மாட்டோம் என்பது அதன் சாரம். வீதியோரக் கற்களுக்குப் பிரித்தானியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம். 1689 இல் நகரம் முற்றுகையிடப்பட்டதை அறிந்தவருக்குத்தான் 'இன்னும்' என்ற சொல்லின் பாரம் விளங்கும். இதில் 'நீங்கள்' இல்லை. இது தன் பிள்ளைகளுக்கே பயத்தையும் உறுதியையும் ஒருங்கே ஊட்டுகிற சுவர். ஆற்றின் மேற்குப் புறத்தில் அவர்கள் சிறுபான்மை. அந்தப் பயத்தை வெறும் வெறி என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. சிறுபான்மையாக வாழும் நமக்கு அது புரியாத மொழியல்ல.

மூன்றாவது சுவர் மீண்டும் பொக்சைட்டில். 1971 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுமி அனெட் மக்கவிகன் பாடசாலைச் சீருடையோடு நேரே நம்மைப் பார்த்து நிற்கிறாள். பின்னால் சிதைந்த கட்டடம். பக்கத்தில் தலைகீழாக ஒரு துப்பாக்கி, மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி. 1999 இல் பொக்சைட் ஓவியர்கள் மூவர் இதை வரைந்தபோது வண்ணத்துப்பூச்சிக்கு நிறம் கொடுக்கவில்லை, துப்பாக்கியையும் முழுசாகவே விட்டார்கள். 1998 இல் சமாதான உடன்படிக்கை வந்துவிட்டதுதான், ஆனால் அது நிலைக்குமா என்ற சந்தேகம் அவர்களுக்கு இருந்தது. 2006 இல்தான் துப்பாக்கியை உடைந்ததாக மாற்றி, வண்ணத்துப்பூச்சிக்கு நிறமிட்டார்கள். அந்த ஏழு வருடமும் நிறமில்லாத அந்த இடமே பேசிக்கொண்டிருந்தது. இந்தச் சுவரில் கொடி இல்லை, கோஷம் இல்லை. சீருடை போட்ட பிள்ளை வீட்டில் இருக்கிற எவரையும் அது விளிக்கும், எந்தப் பக்கத்தவராக இருந்தாலும்.

ஆகவே, ஒரு மதிலைப் படிக்க நான் இப்போது மூன்று விடயங்களைப் பார்க்கிறேன். எந்த மொழியில், எந்த இடத்தில் எழுதியிருக்கிறது? 'நாங்கள்' என்பதற்குள் யார் யார் அடங்குகிறார்கள்? எந்த இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது?

அந்த மாணவியோடும் மற்றப் பிள்ளைகளோடும் எங்கட சந்தி மதிலை ஒருநாள் போய்ப் பார்த்தேன். மன்னர் இருந்தார், வீரர் இருந்தார், நெல்வயலும் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "சேர், இது எங்களோட கதைக்கல்ல. எங்களைத் தாண்டி வேற ஆரோடயோ கதைக்குது."