ஒற்றைப் படத்திலிருந்து முகக்கோணங்கள்

முகமாற்றத்துக்கு ஒரே ஒரு படம்தான் கிடைத்திருக்கும்போது, அதே முகத்தின் பிற கோணங்களைக் கணினியில் உருவாக்கிப் பயிற்சிப் படங்களோடு சேர்க்கும் முறை.

2024இல் வெளியான ‘தி கோட்’ படத்தில், மறைந்த விஜயகாந்தின் முகம் குடும்பத்தினரின் அனுமதியோடு செயற்கை நுண்ணறிவால் திரைக்கு வந்தது. அவருக்கோ எல்லாக் கோணங்களிலும் திரைப்படக் காட்சிகள் உண்டு. ஒரு பாஸ்போர்ட் படம் மட்டுமே மிஞ்சியவருக்குத்தான் இம்முறை தேவைப்படுகிறது.

படத்தின் மீது முப்பரிமாண முக மாதிரியைப் பொருத்தி, இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். சிறிய திருப்பங்களில் சாயல் பெரும்பாலும் நிலைக்கும். முழுப் பக்கவாட்டை நெருங்கும்போது, படத்தில் தெரியாத காதும் தாடை விளிம்பும் மென்பொருளின் ஊகமாகிவிடும்.

மூலப்படமே ஒருபக்கம் திரும்பியிருந்தால், தெரிகிற கன்னத்து மச்சம் மறுகன்னத்திலும் முளைக்கலாம். மறைந்த பாதியைக் கண்ணாடிப் பிம்பமாக நிரப்பியதன் அடையாளம் அது. அத்தகைய படங்களைக் கழிக்காவிட்டால், பயிற்சியில் அந்தப் பிழையும் முகத்தின் பகுதியாகப் பதிந்துவிடும்.